குப்பியை விட்டு வந்த மாத்திரை

மார்வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படி வைத்தியர் எழுதிக்கொடுக்கிற சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரையைச் சட்டைப் பையிலும் கைப்பையிலும் சுமந்து திரிகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் அந்த மாத்திரை எந்தப் பாத்திரத்திலிருந்து புறப்பட்டு எந்தப் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்தது, முதல் பாத்திரத்தின்மேல் என்ன தேதி அச்சிட்டிருந்தது, அந்தத் தேதிக்கும் இப்போது பையில் கிடக்கிற மாத்திரைக்கும் ஏதேனும் சம்பந்தம் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலர். மற்ற மருந்துகளைப் பொறுத்தவரை இந்த அலட்சியம் பெரும்பாலும் சிறு பிழையோடு போய்விடும். இந்த ஒரு மருந்தில் அப்படியில்லை. இங்கே பாத்திரம் மருந்தின் ஓர் அங்கம். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பல சமயங்களில் பால்சர்க்கரைதான்.

இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். நாவடி மாத்திரைகளில் மூத்தது கிளிசரில் டிரைநைட்ரேட். நைட்ரோகிளிசரின் என்ற பழைய பெயரால் உலகமெல்லாம் அறிந்த அதே பொருள். இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற ரசாயன ஆசிரியர் 1840களின் பிற்பகுதியில் இதைக் கண்டுபிடித்தபோது, ஒரு துளியை நாவில் வைத்தாலே தலை பிளக்கும்படி வலிக்கிறது என்று எழுதி வைத்தார். வெடிமருந்தாக அது அடைந்த கீர்த்தியையும், ஆல்ஃபிரட் நோபலுக்கு அவருடைய கடைசிக் காலத்தில் வைத்தியர்கள் இருதய நோய்க்கு இதையே மருந்தாக எழுதிக்கொடுத்ததையும் சொல்லிச் சுவைப்பது இவ்விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அதைவிட லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரி வைத்தியராக இருந்த வில்லியம் மரல் செய்த காரியமே அதிக உபயோகமாகத் தோன்றுகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் சாராயத்தில் கரைத்த நைட்ரோகிளிசரின் ஒரு சிறு குப்பியில் அவருடைய பையில் இருந்தது. வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ருசி எப்படி இருக்கிறதென்று பார்க்கலாம் என்று நனைந்திருந்த தக்கையை எடுத்து நாவில் தொட்டார். மறந்துபோய் அடுத்த நோயாளியிடம் பேசத் தொடங்கியவருக்குச் சில நொடிகளுக்குள் மார்பும் கழுத்தும் தலையும் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. பிறகு தம்மீதே பலமுறை பரீட்சித்துப் பார்த்து, மார்வலிக்காரர்களுக்குக் கொடுத்து, 1879-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

அந்தத் தக்கையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. நாவின் ஈரத்தில் பட்ட மாத்திரத்தில் இம்மருந்து ரத்தத்தில் ஏறிவிடுகிறது என்பது ஒன்று. வயிற்றுக்குப் போனால் கல்லீரல் அதன் பெரும்பகுதியை முதல் சந்திப்பிலேயே அழித்துவிடும். நாக்கின் அடியில் உள்ள மெல்லிய தோல்வழியாகப் போனாலோ கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே பொது ரத்த ஓட்டத்தில் கலந்து, ஒன்றிலிருந்து மூன்று நிமிஷங்களில் நாளங்களைத் தளர்த்தி, இருதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தின் பாரத்தைக் குறைத்து, உழைப்பு தாங்காமல் வலிக்கிற அந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்கிறது. அதனால்தான் இந்த மாத்திரையை விழுங்கவோ மெல்லவோ கூடாது என்று சொல்கிறார்கள். இரண்டாவது விஷயம், குப்பியில் இருந்த மருந்து தக்கையிலும் இருந்தது என்பது. எதனோடு சேர்கிறதோ அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிற சுபாவம் இந்தப் பொருளுக்கு அன்றே இருந்தது, இன்றும் இருக்கிறது.

மாத்திரை என்றால் திடப்பொருள் என்று நாம் நினைக்கிறோம். நைட்ரோகிளிசரின் இயல்பில் எண்ணெய் போன்ற ஒரு திரவம். அதுவும் சாதாரண வெப்பத்திலேயே சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டிருக்கிற திரவம். ஒரு மாத்திரையில் அது அரை மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம் அளவே இருக்கும். வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அந்தப் பயத்துக்கு இவ்வளவு அற்ப அளவில் இடமில்லை. எஞ்சிய உடல் முழுவதும் பால்சர்க்கரை முதலான சத்தற்ற பொடிகள். அந்தப் பொடியின் நுண்ணிய இடைவெளிகளில் மருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். திறந்து வைத்த கற்பூரம் போல இதுவும் காற்றோடு போகும். ஆனால் கற்பூரம் குறைவதைக் கண்ணால் காணலாம். இந்த மாத்திரையோ மருந்து முழுவதும் போன பிறகும் அதே வெண்மையோடு, அதே வட்டத்தோடு, அதே எடை என்று சொல்லத்தக்க எடையோடு, நேற்று வாங்கியது போலவே இருக்கும்.

ஆவியாகிப் போகிற மருந்து எங்கே போகிறது என்பதை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் நிதானமாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் குப்பியில் போட்டால் பிளாஸ்டிக்குக்குள் ஊறுகிறது. குலுங்காமல் இருக்கட்டும் என்று வாயில் அடைத்த பஞ்சில் ஏறுகிறது. காகிதத்தில் மடித்தால் காகிதத்துக்குப் போய்விடுகிறது. அதே குப்பியில் வேறு மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால், பக்கத்து மாத்திரை அதைச் சிறிது வாங்கிக்கொள்கிறது. இவற்றையெல்லாம்விட வியப்பானது, நன்றாக மூடிய கண்ணாடிக் குப்பிக்குள்ளேயே பழைய பாணி மாத்திரைகளில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல்: ஒரு மாத்திரையிலிருந்து புறப்பட்ட ஆவி இன்னொரு மாத்திரையில் போய்ப் படிந்து, மொத்தக் கணக்கு சரியாக இருக்க, தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றில் குறைவாகவும் மற்றொன்றில் மிகுதியாகவும் மருந்து நின்றது. ஒரே குப்பியில் இன்று எடுத்த மாத்திரை பலிக்காமலும் நாளை எடுத்தது தலை சுற்றச் செய்வதாகவும் இருந்ததற்கு நோயாளியின் மனப்பிராந்தியைக் காரணமாகச் சொன்னவர்கள் அதன்பிறகு சற்று மௌனமானார்கள். ஆவியைப் பிடித்து நிறுத்தக்கூடிய துணைப்பொருள்களைச் சேர்த்து ஸ்திரப்படுத்திய மாத்திரைகள் அந்த ஆராய்ச்சியின் பலனாக வந்தவை. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் அந்த வகையே. ஆயினும் ஸ்திரம் என்பது ஓடாமல் நிற்பதன்று, மெதுவாக ஓடுவது.

இதே காலத்தில்தான் அமெரிக்க அரசு இம்மாத்திரைகளைக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடும் உலோகத் திருகுமூடியோடு, ஒரு குப்பிக்கு 100 மாத்திரைக்கு மிகாமல்தான் விற்க வேண்டும் என்றும், மூலக் குப்பியிலேயே வைத்திருக்கவும் ஒவ்வொரு முறையும் உடனே இறுக மூடவும் சொல்லி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றும் விதித்தது. பிரிட்டனின் மருந்துக் கையேடும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: கண்ணாடிக் குப்பி, உள்ளே உலோகத் தகடு ஒட்டிய மூடி, பஞ்சு கூடாது, 100-க்கு மேல் கூடாது. கண்ணாடியும் உலோகமும் இந்த ஆவியை உறிஞ்சுவதில்லை என்பதே இதன் எளிய காரணம். அமெரிக்காவில் மருந்துக் குப்பிகளுக்குப் பொதுவாகக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட வேண்டுமென்ற சட்டம் இருக்க, நாவடி நைட்ரோகிளிசரினுக்கு அதிலிருந்து விலக்களித்திருக்கிறார்கள்; நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற விரல்களால் அழுத்தித் திருகும் மூடியோடு போராட முடியாது என்பதை நினைத்துப் பார்த்த யாரோ ஒருவர் அந்த ஆலோசனைக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

இனி, நம் வீடுகளில் நடப்பது எப்படி என்று ஒரு பெரியவரைக் கற்பனையாக நிறுத்திப் பார்ப்போம். அறுபத்தெட்டு வயது, மாடிப்படி ஏறினாலோ, சாப்பிட்ட கையோடு நடந்தாலோ மார்பில் இறுக்கம் வரும், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை மாத்திரை வைத்துக்கொள்வார். 500 மைக்ரோகிராம் மாத்திரை 100 அடங்கிய கட்டைவிரல் பருமனுள்ள பழுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றை வாங்கி வருகிறார்கள். மேலே காலாவதி தேதிக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. “குப்பி கீழே விழுந்தா உடைஞ்சிடும் மாமா, இதுல போட்டுத் தரேன்” என்று மருமகள் மிகுந்த அக்கறையோடு பத்து மாத்திரைகளை எடுத்து, ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கிடக்கிற பிளாஸ்டிக் பெட்டியின் ஓர் அறையில் போட்டுக் கொடுக்கிறாள். பெட்டி சட்டைப் பையில், மார்பின் சூட்டில், சித்திரை வைகாசி முழுவதும் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வலி வருகிறது. மாத்திரையில் பாதி மருந்து போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத்திரை 250 மைக்ரோகிராம் கொடுக்கிறது. இறுக்கம் சற்றுத் தளர்ந்து மறுபடி நிற்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவதை வைக்கிறார். இரண்டு பாதி சேர்ந்து ஒரு முழுமைதானே என்று தோன்றலாம். இம்மருந்து ரத்தத்தில் நிமிஷக் கணக்கில் மறைந்துவிடுவதால், இரண்டாவது பாதி ஏறும்போது முதல் பாதி பெரும்பாலும் இறங்கிப் போயிருக்கும், ஆகவே கூட்டல் பலிக்காது. மூன்றாவதையும் வைத்து, எப்படியோ உட்கார்ந்து ஓய்வெடுத்ததில் வலி அடங்குகிறது. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, “முன்னே ஒண்ணுக்குக் கேட்கும், இப்போ மூணு வேண்டியிருக்கு” என்கிறார். இதைக் கேட்கிற எந்த வைத்தியரும் நோய் முற்றுகிறது என்றுதான் கருதுவார், கருதவும் வேண்டும். புதுப் பரிசோதனைகள், கூடுதல் மருந்து, குடும்பத்தில் கலக்கம் எல்லாம் வரிசையாக வரும். இடையில் யாராவது, “மாத்திரையை எதில் வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்” என்று கேட்டிருந்தால் பாதி விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும். நாவடி மாத்திரைக்காரர் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பதை வைத்தியர்கள் ரத்த அழுத்தம் பார்ப்பது போல ஒரு சம்பிரதாயமாக்கிக்கொண்டால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கதை இத்துடன் முடிவதில்லை. பழைய மாத்திரை தீர்ந்து புதுக் குப்பி வருகிறது. இம்முறை அதிர்ஷ்டவசமாகக் குப்பியிலேயே இருக்கிறது. பெரியவரின் கையோ பழக்கத்தை விடவில்லை. ஒன்று போதாதென்று இரண்டை ஒருங்கே நாவடியில் வைக்கிறார், நின்றபடியே வைக்கிறார். 250-க்குப் பழகிய உடம்பில் ஒரே தடவையாக 1,000 மைக்ரோகிராம் இறங்க, நாளங்கள் தளர்ந்து, ரத்தம் கால்களில் தங்கி, கண் இருட்டிக் குளியலறை வாசலில் விழுகிறார். இங்கே வீர்யமிழந்த மாத்திரை செய்த தீங்கு இரண்டு: வேண்டிய வேளையில் உதவவில்லை என்பது ஒன்று, தவறான அளவை ஒரு பழக்கமாகக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது மற்றொன்று. உட்கார்ந்துகொண்டுதான் மாத்திரையை வைக்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போது தேதிக்கு வருவோம். குப்பியின்மேல் அச்சிட்டிருக்கிற காலாவதி தேதி, தயாரித்தவர் தமக்குத் தெரிந்த நிபந்தனைகளின்மேல் கொடுத்த ஒரு வாக்குறுதி: இந்தக் குப்பியில், இந்த மூடியோடு, குறித்த வெப்பத்துக்குள் வைத்திருந்தால், இன்ன மாதம் வரை இதில் மருந்து இருக்கும் என்பது. மாத்திரை வேறு பெட்டிக்குப் போன நாளில் அந்த வாக்குறுதி முடிந்துவிட்டது. தயாரித்தவரை அதற்குமேல் கேட்க முடியாது. குப்பியிலேயே இருந்தாலும், மூடியைத் திறந்த நாள்முதல் வேறொரு கணக்கு தொடங்குகிறது. திறந்து எட்டு வாரம் ஆனதும் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்காவில் முன்பு ஆறு மாதம் என்று சொல்லி வந்தார்கள். ஸ்திரப்படுத்திய மாத்திரைகள் பரவிய பிறகு, மூலக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி வைத்திருந்தால் அச்சிட்ட தேதி வரை உபயோகிக்கலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாட்டுப் பழக்கமும் ஒன்றுக்கொன்று முரண் என்று எண்ண வேண்டியதில்லை. மாத்திரையின் தயாரிப்பு முறை வேறுபடலாம். ஒரு நாள் எத்தனை முறை திறக்கிறார்கள், எவ்வளவு இறுக மூடுகிறார்கள் என்பது மனிதருக்கு மனிதர் வேறுபடும். தத்தம் குப்பியோடு வந்த துண்டுத்தாளில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே பிரமாணம். நம் ஊரில் கோடை மாதங்களில் வீட்டுக்குள்ளேயே முப்பத்தைந்து பாகைக்கு மேல் வெப்பம் நிற்பதை நினைத்தால், சந்தேகம் வரும் இடத்தில் குறுகிய கணக்கைப் பற்றிக்கொள்வதே விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு சிக்கலை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பெரியவர் மாதத்துக்கு மூன்று மாத்திரை வைத்துக்கொள்பவரானால், எட்டு வாரத்தில் அவருக்குச் செலவாவது ஆறு. குப்பியில் 94 மிச்சம். அவற்றை எறி என்று சொல்வது வைத்தியர் வாயில் சுலபமாக வரும். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்காரர் கையில் சுலபமாக வராது. ஆகவே அவர்கள் எறிவதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. குற்றம் குப்பியின் அளவில் இருக்கிறது. இருபத்தைந்து மாத்திரை அடங்கிய சிறு குப்பிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. எப்போதாவது வலி வருகிறவர்களுக்கு அவைதான் பொருத்தம். சிறு குப்பி கிடைக்காதபோது செய்யக்கூடியது ஒன்றுதான்: திறந்த அன்றே பேனாவால் குப்பியின் சீட்டில் அந்தத் தேதியை எழுதிவிடுவது. மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும். திறந்தால் கெடாத வேறு வகையும் உண்டு. ஒரு அழுத்துக்கு 400 மைக்ரோகிராம் வீதம் நாவடியில் தெளிக்கிற தெளிப்பான் முழுதும் மூடிய கலத்தில் இருப்பதால் அச்சிட்ட தேதி வரை வீர்யம் காக்கும். விலைதான் அதிகம்.

மருந்து உயிரோடு இருக்கிறதா என்பதைக் கண்டறிய மக்களிடையே ஒரு பரீட்சை வழங்கி வருகிறது. நாவடியில் வைத்ததும் சுருக்கென்று எரிந்தால் நல்ல மாத்திரை, எரியாவிட்டால் செத்த மாத்திரை என்பார்கள். சிலருக்கு எரிவது உண்மையே. ஆனால் நல்ல மாத்திரையும் எரியாமல் இருப்பதுண்டு, வயது முதிர்ந்தவர்களுக்கு நாவின் உணர்ச்சி மங்குவதுமுண்டு. தயாரிப்பாளர்களே இதை நம்பத்தகுந்த அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்று எழுதுகிறார்கள். தலைவலி வருவதும் அப்படித்தான். புதிதில் பலருக்கு வரும், பழகிய பின் குறைந்துவிடும். வலி வந்த வேளையில் நாக்கைத் துலாக்கோலாக்கி நிற்பதைவிட, வலி வராத வேளையில் குப்பியைத் திருப்பித் தேதியைப் படிப்பது எளிது.

தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் நாவடி மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது நைட்ரோகிளிசரின் அன்று; சார்பிட்ரேட் என்ற வணிகப்பெயரால் ஊரறிந்த ஐசோசார்பைடு டைநைட்ரேட். இதுவும் அதே குடும்பத்து மருந்தே. ஆனால் இது திடப்பொருள், அவ்வளவு சுலபமாக ஆவியாகாது, ஆகையால் அட்டையில் அடைத்து விற்க முடிகிறது. சற்றுத் தாமதமாக வேலை தொடங்கிச் சற்று நீண்ட நேரம் நிற்கும். அப்படியானால் இதற்கு மூலப் பாத்திரமும் தேதியும் வேண்டாமா என்றால், வேண்டும், காரணம்தான் வேறு.

கடையில் நின்று கவனித்துப் பாருங்கள். “தம்பி, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை நாலு குடுங்க” என்று ஒருவர் கேட்கிறார். கடைக்காரர் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் நான்கு மாத்திரை உள்ள துண்டை வெட்டிக் கொடுக்கிறார். அட்டையின் பின்புறம் மருந்தின் பெயர் பலமுறை குறுக்காக அச்சிட்டிருக்கிறது. ஆனால் தயாரிப்பு எண்ணும், தயாரித்த மாதமும், காலாவதி மாதமும் ஓர் ஓரத்தில் மட்டுமே, அழுத்தினாற்போல் மங்கலாகப் பதிந்திருக்கும் அட்டைகள் பல. அந்த ஓரம் யார் கையில் போனதோ அவருக்குத்தான் தேதி. நடுத்துண்டு வாங்கியவர் வீட்டில் அது ஓராண்டு இருக்கும், மூன்றாண்டும் இருக்கும். பூஜை அலமாரியிலோ கண்ணாடிப் பெட்டியிலோ கிடக்கிற அந்த நான்கு மாத்திரைகளை வலி வருகிற இரவில் எடுத்துப் பார்க்கும்போது, அது நல்லதா பழையதா என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. வெட்டும்போது பக்கத்து உறையின் விளிம்பு கிழிந்து ஈரக்காற்று புகுவதும் உண்டு. பொடியாகி உதிர்ந்த மாத்திரையைப் பிறகு காண்கிறோம்.

பெயரும் போய்விட்டால் அபாயம் வேறு வகையில் வருகிறது. இதே குடும்பத்தில் நாவடியில் வைப்பதற்கென்றே செய்யாமல், விழுங்கி நாள் முழுதும் சிறிது சிறிதாக வேலை செய்யும்படி செய்த மாத்திரைகள் உண்டு. இருதய நோயாளி ஒருவர் வீட்டில் இரண்டு வகையும் இருக்கும். உறையிலிருந்து உதிர்த்து ஒரே டப்பாவில் போட்டுவிட்டால், மெதுவாகக் கரைய வேண்டியதை அவசரத்துக்கு நாவடியில் வைத்துக்கொண்டு நிவாரணத்துக்குக் காத்திருக்க நேரும். வெள்ளையாக, வட்டமாக இருக்கிற மாத்திரைகள் நம் வீடுகளில் எத்தனை!

காத்திருப்பதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் வீர்யமற்ற மாத்திரையின் மிகப் பெரிய தீங்கு அதில்தான் இருக்கிறது. மூன்று மாத்திரை வைத்துப் பார், பதினைந்து நிமிஷம் பார், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ என்பது பழைய போதனை. இருதயத் தசைக்கு ரத்தம் அடைபட்ட வேளையில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை உண்டு என்று தெரிந்தபின், முதல் மாத்திரை வைத்து ஐந்து நிமிஷத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் அப்போதே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று அமெரிக்க இருதய வைத்திய சங்கங்கள் மாற்றிக்கொண்டன. நம் ஊரில் 108. வண்டி வரும் வரை இரண்டாவது, மூன்றாவது மாத்திரையை வைத்தியர் முன்பே சொல்லியிருக்கிறபடி ஐந்து நிமிஷ இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம். அது காத்திருக்கும் நேரத்துக்கான உபாயமே தவிர, அழைப்பதைத் தள்ளிப்போடுவதற்கான காரணம் ஆகாது. மாத்திரை பழையதாயிருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்தான் மேலும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பரீட்சித்துக்கொண்டு அரைமணி நேரத்தை இழக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மார்வலி என்றதும் தம் மாத்திரையை ஓடிப்போய்க் கொடுக்கிற நல்ல மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவருக்கும், இருதயத்தின் வலப்பக்கத்தைத் தாக்கிய மாரடைப்பில் இருப்பவருக்கும் இது தீங்காகலாம். ஆண்மைக் குறைவுக்கென்று சில்டெனாஃபில் எடுத்தவருக்கு 24 மணி நேரமும், டடாலாஃபில் எடுத்தவருக்கு 48 மணி நேரமும் இந்த மாத்திரை ஆகவே ஆகாது. அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். அதை அவர் பத்துப் பேர் சூழ நிற்கும்போது வாய்விட்டுச் சொல்லப் போவதுமில்லை. வைத்தியர் யாருக்கு எழுதிக்கொடுத்தாரோ அவருக்கு மட்டுமே இம்மாத்திரை.

வீட்டில் குப்பியை எங்கே வைப்பது என்றால், அடுப்படியிலும் குளியலறையிலும் வேண்டாம், வெயிலில் நிறுத்திய காருக்குள் நிச்சயமாக வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்து அடிக்கடி எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் படியும். படுக்கைக்கு எட்டும் இடத்தில், நிழலில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு குப்பி. வெளியே போகும்போது உடம்போடு ஒட்டாத கைப்பையில் அதே குப்பி. சிறிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும் என்பவர்கள், நைட்ரோகிளிசரினுக்கென்றே செய்த இறுக்கமான உலோகக் குப்பிகள் கிடைத்தால் அவற்றை உபயோகிக்கலாம். சங்கிலியில் கோத்த பிளாஸ்டிக் குமிழ் அதற்கு ஈடாகாது.

கடைக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தேதி அச்சிடாமல் மருந்து விற்க முடியாதபடி நம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கத்தரிக்கோல் பட்ட அடுத்த நொடியில் அந்தச் சட்டம் செல்லாக்காசாகிறது. இந்த மருந்துக்கு மட்டுமாவது தேதியை அட்டையின் ஒவ்வோர் உறையின் பின்னாலும் தனித்தனியே அச்சிடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தலாம். அதுவரை, நாவடி மாத்திரையை அட்டையாகவே, குப்பியாகவே விற்பது என்று மருந்து விற்பனையாளர் சங்கங்கள் தாமாக முடிவெடுக்கலாம். ஓர் அட்டை ஐசோசார்பைடு டைநைட்ரேட்டின் விலை மற்ற இருதய மருந்துகளின் பக்கத்தில் அற்பம். நாலு மாத்திரைக்காரர் அதைக் கேட்டு முகம் சுளிக்கத்தான் செய்வார். அப்படியும் வெட்டித்தான் கொடுக்க நேர்ந்தால், பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரையும் எண்ணையும் மாதத்தையும் கையால் எழுதிக் கொடுக்கட்டும், வெட்டுகிற கத்தரிக்கோலும் தேதி இல்லாத ஓரத்திலிருந்தே தொடங்கட்டும். கடைசித் துண்டு விற்கிற வரை தேதி கடைக்காரர் கண்ணெதிரிலேயே இருந்தால், எழுதுவதற்கு அவருக்கும் எதையும் தேட வேண்டியிராது.